மூடியைத் திறக்காதே

மளிகைக்கடைக்காரர்ல இருந்து மேல்மாடி வீட்டுச் சின்னக் குழந்தை வரைக்கும் அவளை அண்ணின்னுதான் கூப்பிடுவாங்க. நாமளும் அப்படியே கூப்பிட்டுக்குவோம். அன்னைக்குக் காலைல அந்த அண்ணி சமையல் ரூமுக்குள்ள நுழைஞ்ச வேகத்தைப் பாத்திருக்கணும் நீங்க! முந்தானையை இழுத்து இடுப்புல செருகிக்கிட்டு, "இன்னைக்கு ஒரு நாள் யாரும் என் குறுக்க வராதீங்க, சொல்லிட்டேன்!"னு ஒரே அதட்டல். உள்ள இருந்ததே நாத்தனார் ஒருத்திதான்.

"நான் ஓரமாத்தான் உக்காந்திருக்கேன் அண்ணி"ன்னா நாத்தனார், முட்டைக்கோஸை நறுக்கிக்கிட்டே.

விஷயம் என்னன்னா, ரெண்டு தெரு தள்ளி ஒரு தையல் கம்பெனி இருக்கு. நாப்பது பொம்பளைங்க மிஷின்ல உக்காந்து சட்டை தைக்கிறாங்க. அவங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டு வந்துக்கிட்டிருந்த ஆளு கடையை மூடிட்டு ஊரை விட்டே போயிட்டான். "ஒரு நாள் சமைச்சுக் கொண்டு வாங்க, எங்க ஆளுங்க சாப்பிட்டுப் பாக்கட்டும், பிடிச்சிருந்தா தினமும் உங்களுக்கே"ன்னு கம்பெனி மேனேஜரம்மா சொல்லியிருந்தாங்க. அந்த ஒரு நாள் அன்னைக்குத்தான்.

இந்த ஆர்டர் கெடச்சா நாத்தனார் இங்கேயே இருப்பா. கெடைக்கலைன்னா, மறுநாள் காலைல பஸ் ஏறி, வேற ஊர்ல ஒரு ஹாஸ்டல் சமையலுக்குப் போயிடுவா. பெட்டிகூடக் கட்டி வச்சாச்சு. புருஷன் போனதுக்கப்புறம் அண்ணன் வீட்டுக்கு வந்தவ, யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். அண்ணி அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. ஆனா அந்தப் பெட்டி இருக்கிற பக்கம் போகாம சுத்திச் சுத்தித்தான் நடந்தா. நாள் முழுக்க எலியும் பூனையுமா சண்டை போடுறவங்கதான் ரெண்டு பேரும். ஹாஸ்டலைப் பாத்துட்டு வர்றேன்னு போன மாசம் நாத்தனார் ஊருக்குப் போயிருந்தப்ப, வீடே வெறிச்சோடிப் போச்சு, அண்ணிக்குச் சோறு இறங்கலை. இதை வெளிய சொன்னா மானம் போயிடும்னு அவ சொல்லலை, அவ்வளவுதான்.

சண்டை எதுக்குன்னு கேக்குறீங்களா? மூடிக்கு! அண்ணிக்குச் சமையல்னா அடுப்பு திகுதிகுன்னு எரியணும், பாத்திரம் திறந்து கிடக்கணும், கொதிக்கிறது கண்ணுல தெரியணும், நிமிஷத்துக்கு ஒரு தடவை கரண்டியை விட்டுக் கிண்டணும். டீ போடுற குட்டிப் பாத்திரத்தைக்கூடப் பெரிய அடுப்புல வச்சு, தீ ரெண்டு பக்கமும் ஏறி வந்து கைப்பிடியைத் தீய்ச்சாத்தான் அவளுக்குத் திருப்தி. நாத்தனார் நேர் எதிர். எதை வச்சாலும் மூடி போடுவா. கொதி வந்ததும் தீயைக் குறைப்பா. சின்னப் பாத்திரத்துக்குச் சின்ன அடுப்பு, பெரிய பாத்திரத்துக்குப் பெரிய அடுப்பு. அண்ணி அவளுக்கு 'மூடிக்காரி'ன்னு பேரு வச்சிருந்தா. "சமைக்கிறியா, இல்ல சாமானை எல்லாம் தூங்கப் போடுறியா?"ன்னு கேலி வேற.

முந்தின நாள் சாயங்காலம்கூட ஒரு ரகளை. பெரிய அண்டால கொண்டைக்கடலையைக் கொட்டி நாத்தனார் ஊற வச்சுட்டா. "எதுக்குடி இது? குக்கர்ல போட்டு நல்லா விசில் விட்டா வெந்துட்டுப் போவுது!"ன்னு அண்ணி கத்தினா. "ஊறினா சீக்கிரம் வேகும் அண்ணி"ன்னா அவ. "என் அடுப்புக்கு வேகாத கடலை இனிமேதான் பொறந்து வரணும்"னுட்டு அண்ணி படுக்கப் போயிட்டா. நாத்தனார் ஊறப் போட்ட கடலையை வடிக்கலை, அப்படியே விட்டுட்டா.

சரி, கதைக்கு வருவோம். அண்ணி கடலையைக் குக்கருக்கு மாத்திட்டு அடுப்பைப் பத்த வச்சா. தீ எழும்பலை. அதாவது எரிஞ்சுது, ஆனா வழக்கமா எழும்புற ஆட்டம் இல்லை. சோர்ந்து போய், ஓரமெல்லாம் மஞ்சளா இருந்துச்சு.

"சிலிண்டர் தீருது போலிருக்கு. பரவாயில்லை, மாத்து இருக்கே"ன்னுட்டு, பால்கனி ஓரத்துல மூடி மாட்டி நிக்க வச்சிருந்த இன்னொரு சிலிண்டரை இழுக்கப் போனா. ஒத்தைக் கையிலயே அது அப்படியே எழும்பி வந்துடுச்சு.

அண்ணி அப்படியே நின்னுட்டா. நிரம்புன சிலிண்டரை ஒத்தைக் கையால தூக்க முடியுமா? ஆட்டிப் பாத்தா. உள்ள ஒண்ணுமே இல்லை. வெறும் இரும்பு!

"யாருடி இது? காலி சிலிண்டருக்கு மூடி போட்டு, நிரம்புன சிலிண்டர் இடத்துல வச்சவ யாரு? மூடி மூடின்னு உயிரை வாங்குவியே, நீதானே..."

அப்பத்தான் அவளுக்கே உறைச்சுது. போன தடவை சிலிண்டர் மாத்துனப்ப நாத்தனார் ஊர்லயே இல்லை. ஹாஸ்டலைப் பாக்கப் போயிருந்தா. காலியைக் கழட்டி, கையில கெடச்ச மூடியை மாட்டி, பெருக்குறப்ப இடைஞ்சலா இருக்குதுன்னு பால்கனி ஓரத்துக்குத் தள்ளுனது யாரு? சாட்சாத் அண்ணியேதான்! மூடி இருந்தா நிரம்புனது, மூடி இல்லாட்டி காலின்னு வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கத்தை அவளே குழப்பி விட்டுட்டா.

"ஐயோ, நான்தான்டி!"ன்னு தலையில கை வச்சுக்கிட்டா. "நானே என் தலையில மண்ணைப் போட்டுக்கிட்டேன்!"

இந்த அமளியைக் கேட்டு அண்ணியோட வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவர் வேன் ஓட்டுறவர், சாப்பாட்டைக் கொண்டு போய் இறக்குற பொறுப்பு அவருக்கு. காஸ் ஏஜென்சிக்குப் போன் போட்டார். லோடு வரலையாம், நாளைக்குத்தானாம். தெருவுல யாரைக் கேக்குறது? வாரம் பூரா லோடு வராம எல்லார் வீட்டுலயும் காஸை மிச்சம் பிடிச்சுத்தான் சமைக்கிறாங்க. விறகு மூட்டலாம்னா, வாடகை வீட்டு ரெண்டாவது மாடியில எங்க மூட்டுறது?

"ஒண்ணு பண்ணலாம்"னார் அவர். "சிலிண்டரைப் படுக்க வச்சு உருட்டுனா அடியில இருக்கிற காஸ் கொஞ்சம் வரும்னு எங்க வேன் ஸ்டாண்டுல..."

"தொடாதீங்க!"ன்னு ரெண்டு பொம்பளைங்களும் ஒரே குரல்ல கத்தினாங்க. அவர் ரெண்டு அடி பின்னால போயிட்டார்.

"காஸ் உள்ள தண்ணி மாதிரி இருக்குது அண்ணா. படுக்க வச்சா ஆவியா வர்றதுக்குப் பதிலா தண்ணியாவே குழாய்க்குள்ள வந்துடும். அப்புறம் அடுப்பு எரியாது, வீடுதான் எரியும்"னா நாத்தனார்.

"சுடுதண்ணிக்குள்ள வைக்கிறது, அடியில சூடு காட்டுறது, அந்த யோசனை எல்லாம்கூட வேணாம்"னு அண்ணி சேத்துச் சொன்னா. "நீங்க போய் வேனைத் துடைங்க போங்க."

நாத்தனார் ஒரு துணியை நல்லா நனைச்சு, அடுப்புல மாட்டியிருந்த சிலிண்டரைச் சுத்தி மேல இருந்து கீழ வரைக்கும் துடைச்சு விட்டா. மூணு பேரும் அதைச் சுத்திக் குத்துக்கால் போட்டு உக்காந்து பாத்தாங்க. மேல்பக்கம் மளமளன்னு காஞ்சுது. நடுப்பக்கம் காஞ்சுது. கடைசியில அடியில மட்டும் ஒரு பட்டை ஈரமா நின்னுச்சு. காஸ் இருக்கிற இடம் குளிர்ச்சியா இருக்கும், அங்க ஈரம் சீக்கிரம் காயாது. அந்தப் பட்டை ஒரு விரல் அகலம் இருந்துச்சு.

"இவ்வளவுதானா?"ன்னா அண்ணி. "என் கணக்குக்கு இது கடலைக்கே பத்தாது. மேனேஜரம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க. போச்சு, எல்லாம் போச்சு."

சொல்லிட்டு அவ பாத்தது அடுப்பை இல்லை. கூடத்துல சுவரோரமா நின்ன பெட்டியை.

நாத்தனாரும் அந்தப் பக்கம் ஒரு தடவை பாத்தா. அப்புறம் ஈரத்துணியைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சா. "அண்ணி, உங்க கணக்குக்குப் பத்தாது. என் கணக்குக்குப் பத்தினாலும் பத்தும். ஆனா ஒரு நிபந்தனை. இன்னைக்கு ஒரு நாள் நான் சொல்றப்ப தீயைக் குறைக்கணும், நான் சொல்றப்ப மூடணும்."

வேற நாளா இருந்தா அண்ணி அவளை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பா. அன்னைக்கு, "சரி, சொல்லித் தொலை!"ன்னு முந்தானையை இன்னும் இறுக்கிச் செருகிக்கிட்டா.

அதுக்கப்புறம் அந்தச் சமையல் ரூம் இருந்த இருப்பு இருக்கே, கல்யாண வீடு தோத்துச்சு!

முதல் வேலையா அடுப்பை அணைச்சு, பர்னரைக் கழட்டினாங்க. ஓட்டையில எல்லாம் பொங்கி வழிஞ்சது காஞ்சு அடைச்சிருந்துச்சு. அண்ணி ஊக்கை எடுத்து ஒவ்வொரு ஓட்டையாக் குத்தித் தட்டினா. திருப்பி மாட்டிப் பத்த வச்சதும், மஞ்சள் போய் நல்ல நீலமா எரிஞ்சுது. "மஞ்சளா எரிஞ்சா பாத்திரம்தான் கறுக்கும், சூடு ஏறாது"ன்னா நாத்தனார். "தெரியும்டி, தெரியும்"னா அண்ணி. தெரிஞ்சு என்ன, செய்யணுமே!

பெரிய அடுப்புல குக்கர். ராத்திரி பூரா ஊறி, ஒண்ணுக்கு ரெண்டா உப்பிப் போயிருந்த கடலை. அது மேல ஒரு அடுக்கு வச்சு உருளைக்கிழங்கு, கூடவே வேகட்டும்னு. தண்ணி தேவையான அளவுதான். கூடுதலா ஊத்துற ஒவ்வொரு டம்ளரையும் சூடாக்க காஸ் வேணும்ல. தீ குக்கர் அடியை விட்டு வெளிய வராத அளவுக்கு வச்சாங்க. அரிசியை அலசி ஊறப் போட்டாச்சு. ஃப்ரிட்ஜ்ல இருந்த தக்காளியை எல்லாம் முன்னாடியே வெளிய எடுத்து வச்சாச்சு.

சின்ன அடுப்புல அடி அகலமான சட்டி. அதுல முட்டைக்கோஸ், பொடிப்பொடியா நறுக்கினது. கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் உப்பு, தண்ணி தெளிச்சதோட சரி. நாத்தனார் மூடி எடுக்கத் திரும்பினா. அதுக்குள்ள அண்ணி சோத்துக்கு வேணும்கிற தண்ணியில கொஞ்சத்தை ஒரு தட்டையான பாத்திரத்துல ஊத்தி, அதைத் தூக்கி அந்தச் சட்டி மேலயே மூடியா வச்சுட்டா!

நாத்தனார் வாயைப் பிளந்துக்கிட்டு நின்னா.

"என்ன பாக்குற? ஆவி சும்மாத்தானே போவுது. மேல இருக்கிற தண்ணி அதுல சூடாகட்டுமே!"ன்னா அண்ணி.

"அண்ணி! இது எனக்கே தோணலையே!"

"உனக்கு மட்டும்தான் மூளை இருக்குன்னு நெனைச்சியா?" அண்ணிக்கு முகம் பூரா சிரிப்பு. அந்த ரெண்டு பேரும் ஒரே அடுப்பு முன்னாடி சிரிச்சது அந்த வீட்டுல அன்னைக்குத்தான் முதல் தடவை.

குக்கர் 'உஸ்ஸ்'னு விசில் விட்டுச்சு. அண்ணியோட கை பழக்கத்துல அப்படியே சும்மா இருந்துச்சு, இன்னும் நாலஞ்சு விசிலாவது வரட்டும்னு. "சிம்!"னு நாத்தனார் கத்தினா. அண்ணி துள்ளிக் குதிச்சுத் தீயைக் குறைச்சா.

"விசில் வராம எப்படிடி வேகும்?"

"விசில்னா மிஞ்சுன ஆவி வெளிய ஓடுதுன்னு அர்த்தம் அண்ணி. உள்ள அழுத்தம் நின்னா போதும். அதுக்குச் சின்னத் தீயே தாராளம்."

குக்கர் 'உர்ர்'னு உள்ளயே முனகிக்கிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல நாத்தனார் அந்தத் தீயையும் அணைச்சுட்டா. "ஆவி தானா அடங்கட்டும். அடங்குற வரைக்கும் உள்ள வெந்துக்கிட்டேதான் இருக்கும். வெயிட்டைத் தூக்கிடாதீங்க."

"தூக்கலைம்மா தாயே!"

முட்டைக்கோஸ் ஆயிடுச்சு. அதை இறக்குன கையோட, சூடு ஆறாத அதே சட்டியில வெங்காயம், தக்காளி, மசாலா. வதங்கி முடிஞ்சதும் அதையும் மூடி வச்சாங்க. இனி மிச்சம் சோறு ஒண்ணுதான். ஆனா அதுதானே சாப்பாடு! நாப்பது பேருக்குக் குழம்பை மட்டும் கொண்டு போய் வச்சா செருப்பாலயே அடிப்பாங்க.

குக்கரை ஓரமா இறக்கி வச்சுட்டு, சோறு ஆக்குற பெரிய தேக்சாவை அதே பெரிய அடுப்புல ஏத்தினாங்க. அடியை அண்ணி துடைச்சுட்டுத்தான் வச்சா, ஈரத்தைக் காய வைக்கவும் காஸ்தானே செலவாகும். அளந்த தண்ணி, அதுல சட்டி மேல சூடான அந்தத் தண்ணியும் சேத்தி. நல்ல அழுத்தமான மூடி. தீ தேக்சா அடி பூரா பரவி, ஓரத்தைத் தாண்டாம நின்னுச்சு. தண்ணி கொதிச்சுது. ஊறின அரிசியை வடிச்சுக் கொட்டினாங்க. மூடினாங்க. ரெண்டு பேரும் குனிஞ்சு தீயையே பாத்தாங்க.

"நில்லுடா ராஜா, கொஞ்சம் நில்லு"ன்னு அண்ணி தீயைக் கெஞ்சினா. "உனக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன் நான்!"

"செஞ்சது எல்லாம் கொஞ்ச நஞ்சமா?"ன்னு வாசப்படியில நின்ன வீட்டுக்காரர் முணுமுணுத்தார். அண்ணி திரும்பிப் பாத்த பார்வையில அவர் கீழ இறங்கிப் போயிட்டார்.

அரிசி திரும்பக் கொதி வந்துச்சு. மூடி லேசாத் தடதடன்னு ஆடுச்சு. தீயைக் குறைச்சாங்க. அப்பத்தான் தீ ஒரு தடவை துடிச்சுது. சுத்தி இருந்த நீலப் பல்லெல்லாம் ஒண்ணொண்ணா விழுந்துச்சு. பக்குனு ஒரு சத்தம். போச்சு. அணைஞ்சுடுச்சு.

அண்ணி ஒரு அலறு அலறினா பாருங்க, மேல்மாடி வீட்டுல இருந்து எட்டிப் பாத்தாங்க.

"சோறு பாதி வேக்காடுடி! பாதி வேக்காடு! இரு, திறந்து பாக்குறேன்..."

மூடி மேல கை போச்சு. அந்தக் கை மேல நாத்தனாரோட கை வந்து விழுந்துச்சு. அவ கத்தலை, அதட்டலை. ஆனா கையை எடுக்கவும் இல்லை.

"திறக்காதீங்க அண்ணி. உள்ள இருக்கிற சூடுதான் இப்ப நமக்கு அடுப்பு. திறந்தீங்கன்னா அதுவும் போயிடும்."

"வேகலைன்னா?"

"கொதி வந்து கொஞ்ச நேரம் ஆச்சு. ஊறின அரிசி. இவ்வளவு பெரிய தேக்சா. வேகும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?"

"இவ்வளவு சோத்தை நான் இப்படி வச்சதே இல்லை அண்ணி"ன்னா நாத்தனார். "வீட்டுக்கு ஆழாக்கு அரிசிதான் இப்படி வைப்பேன்."

அண்ணிக்கு இதுவரைக்கும் வராத பயம் இப்ப வந்துச்சு. ஆனா பயப்பட நேரம் இல்லை. காஸ் ரெகுலேட்டரை மூடிட்டு, ஓடிப் போய்ப் பீரோவைத் திறந்தா. கல்யாணத்துக்கு வந்த கெட்டிக் கம்பளி, எடுத்தா மடிப்புக் கலையும்னு யாரையும் தொட விடாதது, அதைத் தூக்கிக்கிட்டு வந்தா. பழைய பேப்பரைத் தரையில கத்தையா விரிச்சு, தேக்சாவைத் தூக்கி அது மேல வச்சு, கம்பளியைச் சுத்திச் சுத்தி இறுக்கி, மேல ஒரு தலகாணியை வச்சு, கயித்தால கட்டினாங்க. பாத்தா குளிர் காய்ச்சல் வந்த ஆளு மாதிரி இருந்துச்சு.

குக்கர் ஆவி அடங்கிடுச்சு. திறந்து ஒரு கடலையை எடுத்து அண்ணி விரல்ல நசுக்கினா. வெண்ணெய் மாதிரி நசுங்குச்சு. "அடியம்மா!"ன்னா. கிழங்கை உதிர்த்துப் போட்டு, வதக்கின மசாலாவை அந்தக் கொதிக்கிற கடலையிலேயே கொட்டிக் கலந்து, மூடி வச்சாச்சு. வாசம் தூக்குச்சு. ஆனா அண்ணி கண்ணு அந்தக் கம்பளி மூட்டையிலேயே இருந்துச்சு.

வேன்ல ஏத்தினாங்க. தேக்சாவை நடுவுல வச்சு, ஆளுக்கு ஒரு பக்கம் உக்காந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. வேன் ஒவ்வொரு குழியில இறங்கறப்பவும் அண்ணி, "பாத்து ஓட்டுங்க, உள்ள உயிர் இருக்கு!"ன்னு கத்தினா.

"அண்ணி, ஒரே ஒரு தடவை மூடியைத் தூக்கிப் பாத்துடலாமான்னு எனக்கே இருக்கு"ன்னா நாத்தனார்.

"கையை வச்சே, கையை ஒடிப்பேன்!"ன்னா அண்ணி. வாழ்நாள்ல ஒரு பாத்திரத்தை மூடி வைக்காத அண்ணி!

ரெண்டு தெருதான். ஆனா கம்பெனி கேட்டுல வரிசையா துணி லாரி. வேன் நின்னு நின்னு நகர்ந்துச்சு. அண்ணி வழக்கமா இந்நேரம் லாரிக்காரனைத் திட்டித் தீர்த்திருப்பா. அன்னைக்கு, "நிக்கட்டும், நிக்கட்டும், இன்னும் கொஞ்சம் வேகட்டும்"னு அவளே சொன்னா.

சாப்பாட்டு ரூம் நீளமா இருந்துச்சு. மிஷின் எல்லாம் நின்னு போயி, பொம்பளைங்க கை கழுவிட்டுத் தட்டோட வரிசையில வந்து நின்னாங்க. மேனேஜரம்மா முன்னால. மூக்குக் கண்ணாடி, கையைக் கட்டிக்கிட்டு.

"இது என்னங்க, சாப்பாட்டுக்குக் கம்பளி போத்தியிருக்கீங்க?"

வரிசையில சிரிப்பு. அண்ணிக்குக் காது சூடாச்சு. "சூடு ஆறாம இருக்கத்தாம்மா"ன்னு சொல்லிக்கிட்டே கயித்தை அவுத்தா. தலகாணியை எடுத்தா. கம்பளியை விலக்கினா. மூடியில கை வச்சா. அங்க நின்னுடுச்சு கை.

நாத்தனாரைப் பாத்தா. அவ கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நின்னா.

அண்ணி மூடியைத் தூக்கினா. குபுகுபுன்னு ஆவி மேல போய் மேனேஜரம்மா கண்ணாடியை மறைச்சுது. அண்ணி கரண்டியை விட்டு அடியில இருந்து ஒரு தள்ளு தள்ளினா. பொலபொலன்னு உதிர்ந்துச்சு சோறு! ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, நடுவுல அரிசி நிக்காம, அடி பிடிக்காம! ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினா. வெந்திருக்கு. இன்னொண்ணு. வெந்திருக்கு. அடியில இருந்து ஒண்ணு. அதுவும் வெந்திருக்கு!

"வெந்துடுச்சுடி!"ன்னு அந்த நாப்பது பேருக்கு நடுவுல அண்ணி ஒரு கத்து கத்தினா. வரிசை பூரா அதிர்ந்து போச்சு. நாத்தனார் கண்ணைத் திறந்தா, தேக்சாவுக்குள்ள பாத்தா, சுவர்ல சாஞ்சு அப்படியே உக்காந்துட்டா.

"சோறு வேகுறது அவ்வளவு ஆச்சரியமா உங்களுக்கு?"ன்னாங்க மேனேஜரம்மா, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே.

"இன்னைக்கு ஆச்சரியம்தாம்மா!"

பரிமாறினாங்க. அண்ணி சோறு, நாத்தனார் கடலை, வீட்டுக்காரர் முட்டைக்கோஸ். பத்து தட்டு போறதுக்குள்ள, முன்னால வாங்கிட்டுப் போன ஒருத்தி கடலைக்கு மறுபடியும் வந்து நின்னா. அவளைப் பாத்து இன்னொருத்தி. பழைய ஆளோட சோறு தினமும் அடி பிடிச்ச வாடை வருமாம், அவங்கள்ல ஒருத்தி சொல்லிக்கிட்டே போனா. மேனேஜரம்மா ஒரு ஓரமா உக்காந்து, தட்டைச் சுத்தமா வழிச்சுச் சாப்பிட்டாங்க. கை கழுவிட்டு வந்தாங்க.

"திங்கட்கிழமையில இருந்து வந்துடுங்க"ன்னாங்க. "கூடமாட எத்தனை பேர் உங்களுக்கு?"

"நானும் இவளும்தான்"னு சொல்ல வாயைத் திறந்த அண்ணி, நாத்தனாரைப் பாத்து நிறுத்திக்கிட்டா. நாத்தனார் தேக்சாவைச் சுரண்டிக்கிட்டிருந்தா. சுரண்ட அதுல ஒண்ணுமே இல்லை.

"சொல்லி அனுப்புறோம்மா"ன்னுட்டார் வீட்டுக்காரர்.

வெளிய வந்து பாத்திரத்தை வேன்ல ஏத்தினாங்க. ஆர்டர் கெடச்சாச்சு. ஆட்டம் போட வேண்டிய நேரம். ஆனா நாத்தனார் கம்பளியை மடிச்சுக்கிட்டு, மடிச்சதையே பிரிச்சு மறுபடி மடிச்சுக்கிட்டு நின்னா.

"என்னடி, உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ஆர்டர் கெடச்சா இருப்பேன்னு சொன்னியே!"

"அண்ணன்தான் அண்ணி அப்படிச் சொல்லச் சொன்னார்."

"அப்ப நீ?"

நாத்தனார் நிமிர்ந்து பாத்தா. "ஆர்டருக்கு ஒரு ஆள் வேணும்னா, யாரை வேணா வச்சுக்கலாம் அண்ணி. மூடி போடத் தெரிஞ்சவங்க ஊர்ல நிறையப் பேர் இருக்காங்க. நான் இருக்கணும்னு நீங்க ஒரு தடவைகூடச் சொல்லலையே."

அண்ணி வாய்க்குத் திட்டு வரும், கேலி வரும், அதட்டல் வரும். இது மட்டும் வர மாட்டேங்குது! வீட்டுக்காரர் வேன் கதவைப் பிடிச்சுக்கிட்டு, இந்தப் பக்கம் பாக்காத மாதிரி நின்னார்.

"நீ போன மாசம் ஊருக்குப் போனப்ப எனக்குச் சோறு இறங்கலைடி"ன்னா அண்ணி. சொல்லிட்டு அழுகை வந்துடுச்சு, நடுத்தெருவுல, லாரிக்காரங்க எல்லாம் பாக்குறாங்க. "நான் யார்கிட்டயும் சொல்லலை. ஆர்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம், நீ இரு. நான் கேக்குறேன்ல, இரு."

நாத்தனார் கம்பளியைக் கீழ போட்டுட்டு அண்ணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டும் சேந்து அழுதுச்சுங்க, சிரிச்சுச்சுங்க.

"சரி, சரி, ஏறுங்க"ன்னார் வீட்டுக்காரர், மூக்கை உறிஞ்சிக்கிட்டே. "வீட்டுல நமக்குச் சாப்பாட்டுக்கு என்ன?"

ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. தேக்சா காலி, குக்கர் காலி, சிலிண்டரும் காலி. அண்ணி கண்ணைத் துடைச்சுக்கிட்டு வேன்ல ஏறி உக்காந்து, நாத்தனாரையும் கையைப் பிடிச்சு உள்ள இழுத்துக்கிட்டா.

"ஹோட்டலுக்கு விடுங்க"ன்னா. "போற வழியில அந்த ஹாஸ்டல்காரங்களுக்கு ஒரு போன் போட்டு, இவ வரமாட்டான்னு சொல்லிடுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க."